கடைப் பதிவுகள் ஒரே குரலில் பேச ஒரு நடைத்தாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டுப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருக்கிறது. கடையின் வாட்ஸப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், கூகுள் பக்கம் எல்லாவற்றிலும் மூன்று பேர் எழுதுகிறோம்: என் மாமனார், நான், கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. யார் எழுதினாலும் படிப்பவருக்கு ஒரே கடை பேசுவது போல இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறோம். நாங்கள் அதை நடைத்தாள் என்று சொல்வோம். அதைப் பார்த்துவிட்டு மற்ற கடைக்காரர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

பிராண்ட் வாய்ஸ் கைடுன்னா என்னங்க? லோகோ, கலர் மாதிரி ஒண்ணா?

லோகோவும் நிறமும் கடை எப்படித் தெரிகிறது என்பதற்கு. இது கடை எப்படிப் பேசுகிறது என்பதற்கு. யாரை எப்படிக் கூப்பிடுவோம், எந்தச் சொல்லை எழுதுவோம், எதை எழுத மாட்டோம், விலை ஏறினால் எப்படிச் சொல்வோம் என்று முடிவு செய்து எழுதி வைத்த தாள், அவ்வளவுதான்.

எங்களுக்கு அது தேவைப்பட்ட நாளைச் சொன்னால் புரியும். புதிதாக ஆட்டிய நல்லெண்ணெய் தெளிந்து விற்பனைக்கு வந்த நாள். காலையில் மாமா வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டது: "புது நல்லெண்ணெய் தெளிஞ்சிருச்சுங்க. லிட்டர் 420." மதியம் இன்ஸ்டாகிராமில் நான் போட்டது: "அன்பான வாடிக்கையாளர்களே! பாரம்பரியமிக்க முறையில் தயாரிக்கப்பட்ட தூய நல்லெண்ணெய் தற்போது விற்பனைக்கு வந்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." சாயங்காலம் ஃபேஸ்புக்கில் தம்பி போட்டது: "மக்களே!! செம ஸ்டாக் வந்தாச்சு, மிஸ் பண்ணிடாதீங்க!!!" கூடவே நாலு நெருப்பு எமோஜி. மூன்றும் ஒரே எண்ணெயைப் பற்றித்தான். அன்று ராத்திரி வாடிக்கையாக வாங்கும் ஓர் அம்மா போன் செய்து, "ஃபேஸ்புக்ல இருக்கறது உங்க கடைதானா, இல்ல வேற யாராச்சும் உங்க பேரை வச்சுப் போடறாங்களா?" என்று கேட்டார். உணவுப் பொருள் விற்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரவே கூடாது.

இருக்கறதே ரெண்டு மூணு பேர். எழுதி வைக்கணுமா, வாயால பேசி வச்சுக்கிட்டா போதாதா?

நாங்களும் முதலில் பேசித்தான் வைத்தோம். தீபாவளிக் கூட்டம் வந்ததும் எல்லாம் மறந்துபோனது. அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்கே போகும். அதனால் எழுதி, பில் போடும் மேசைக்கு மேலே ஒட்டினோம்.

எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல. வெள்ளைத்தாளை எடுத்து வச்சா ஒண்ணும் தோண மாட்டேங்குது.

வெள்ளைத்தாளில் ஆரம்பிக்கவே வேண்டாம், கல்லாப்பெட்டிப் பக்கத்தில் ஆரம்பியுங்கள். எந்தக் கடைக்கும் ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறது. முதலாளியோ அவர் வீட்டு அம்மாவோ வருகிறவர்களிடம் தினமும் அப்படித்தான் பேசுகிறார்கள். வாடிக்கையாளர் திரும்ப வருவதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

நான் இரண்டு நாள் ஒரு நோட்டோடு உட்கார்ந்து மாமா பேசியதை அப்படியே எழுதினேன். சில வரிகள்:

"சின்ன வாணலின்னா பாதிக்கு மேல ஊத்தாதீங்க. செக்கு எண்ணெய் பொங்கும்ங்க."

"மண்டி அடியில நிக்கும். ஆட்டாம ஊத்துங்க."

"கருப்பட்டி போட்டுத்தான் ஆட்டறோம். அந்த வாசம்தான் இது."

"மூணு பேர் இருக்கற வீட்டுக்கு ரெண்டு லிட்டர் எதுக்குங்க? ஒண்ணு வாங்குங்க, தீர்ந்தா வாங்க."

முப்பது வரிபோலச் சேர்ந்ததும் எல்லாவற்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று அடிக்கோடு போட்டுப் பார்த்தேன். வாக்கியம் சின்னதாக இருக்கிறது. தன் எண்ணெயை மாமா ஒரு இடத்திலும் புகழவில்லை. எப்படிப் பார்ப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்றுதான் சொல்கிறார். எண்ணெய் பொங்கும், மண்டி நிற்கும் என்று குறையாகத் தோன்றக்கூடியதைத் தானே முதலில் சொல்லிவிடுகிறார். மரியாதைக்கு 'ங்க' இருக்கிறது, அலங்காரம் இல்லை. எங்கள் நடைத்தாளின் மேல் பாதி இந்த நாலும்தான்.

பல இடங்களில் "நட்பு, நம்பிக்கை, தரம்" என்று மூன்று சொல் எழுதிவிட்டு அதுதான் கடையின் குரல் என்பார்கள். தம்பியிடம் "நட்பாக எழுது" என்று சொன்னால் அவன் நெருப்பு எமோஜிதான் போடுவான், ஏனென்றால் அவனுக்கு அதுதான் நட்பு. "நம் எண்ணெயைப் புகழாதே, எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்" என்றால் அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. தாளில் எழுதும் ஒவ்வொரு வரியும் இப்படிச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா? 'நீங்கள்'னு போட்டா தள்ளி நிக்கற மாதிரி இருக்கு, 'நீங்க'ன்னு போட்டா கொச்சையா இருக்கு.

எங்கள் மூவருக்கும் அதிகம் வாக்குவாதம் நடந்தது இதில்தான். கடைசியில் இடத்தை வைத்துப் பிரித்தோம். தினசரிப் பதிவும் ஸ்டேட்டஸும் பதில்களும் பேச்சுத் தமிழில். பாட்டில் லேபிள், விலைப்பட்டியல், விடுமுறை அறிவிப்பு, கூகுள் பக்கத்தில் கடையைப் பற்றிய குறிப்பு ஆகியவை எழுத்துத் தமிழில். லேபிளும் அறிவிப்பும் பல நாள் நிற்பவை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் படிப்பார்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும், அது பேச்சுதான்.

உங்கள் கடைக்கு இந்தப் பிரிப்பு ஒத்துவராமல் போகலாம். பட்டுச் சேலைக் கடையோ நகைக் கடையோ முழுக்க எளிய எழுத்துத் தமிழில் எழுதினாலும் நன்றாகத்தான் இருக்கும். எதை எடுத்தாலும் சரி, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது. என் பழைய பதிவு ஒன்று: "எங்கள் கடையில் புது எண்ணெய் வந்திருக்கு, அனைவரும் வருகை தந்து வாங்கிக்கோங்க." இதில் 'எங்கள்', 'அனைவரும்', 'வருகை தந்து' எல்லாம் மேடைப் பேச்சு, 'வந்திருக்கு', 'வாங்கிக்கோங்க' திண்ணைப் பேச்சு. படிக்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும். பேச்சில் என்றால் "புது எண்ணெய் வந்திருக்குங்க. வந்து பாருங்க." எழுத்தில் என்றால் "புது எண்ணெய் வந்திருக்கிறது. கடைக்கு வந்து பார்க்கலாம்." ஏதாவது ஒன்று.

பேச்சுத் தமிழை எடுத்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. அதற்கு ஊரறிந்த ஒரே எழுத்து முறை கிடையாது. வச்சு, வெச்சு, வந்திருச்சு, வந்துடுச்சு, வந்தாச்சு, இன்னைக்கு, இன்னிக்கு. மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் அதுவே மூன்று குரலாகிவிடும். எங்கள் தாளில் இப்படி ஒரு பதினைந்து சொல்லுக்கு எது எங்கள் எழுத்து என்று எழுதியிருக்கிறோம்: வச்சு, வந்திருச்சு, இன்னைக்கு. இதில் சரி தவறு எதுவும் இல்லை, ஒன்றைப் பிடித்துக்கொள்வதுதான்.

அப்புறம் வட்டார வழக்கு. மாமா பேசும்போது 'சரிங்', 'வேணுங்' என்று முடிப்பார். எங்களுக்கு அது காதில் விழுந்தாலே வீடு மாதிரி இருக்கும். ஆனால் பாட்டில் கூரியரில் சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் போகிறது. அங்கே இருப்பவர் எழுத்தில் 'வேணுங்' என்று பார்த்தால் பிழை என்றுதான் நினைப்பார். அதனால் 'சரிங்க', 'வேணும்ங்க' என்று எழுதுகிறோம். 'ங்க'வும் ஒரு பதிவில் ஒரு முறைதான், சேதி சொல்லும் வாக்கியத்தில். எல்லா வாக்கியத்திலும் போட்டால் கொங்குப் பேச்சை யாரோ நடித்துக் காட்டுவது போல ஆகிவிடுகிறது. இந்த ஒரு விதியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

வாங்கறவங்களை எப்படிக் கூப்பிடறது? மக்களே, நண்பர்களே, ஃபிரெண்ட்ஸ், சார், மேடம், அக்கா…

பதிவில் யாரையும் கூப்பிடுவதில்லை. சேதியிலேயே ஆரம்பித்துவிடுகிறோம். "மக்களே" என்று தொடங்கினால் முதல் சொல்லில் கடையைப் பற்றி ஒன்றும் இல்லை. "நல்லெண்ணெய்" என்று தொடங்கினால் வேண்டியவர் நின்று படிப்பார்.

பதிலில்தான் சிக்கல். நேரில் என்றால் ஆளைப் பார்த்ததும் அக்காவா, அம்மாவா, தம்பியா என்று வாய் தானாகச் சொல்லிவிடும். வாட்ஸப்பில் ஒரு எண்தான் தெரிகிறது. தம்பி ஒரு முறை கல்லூரி முடித்த பெண்ணை "சொல்லுங்கம்மா" என்று கூப்பிட்டுவிட்டான். அந்தப் பெண் பதிலே போடவில்லை. இப்போது எங்கள் வழக்கம்: முதல் பதில் "வணக்கம்ங்க" என்று மட்டும். அவர் நம்மை அண்ணா என்றோ அக்கா என்றோ கூப்பிட்டால் நாமும் உறவில் பேசலாம். அவர் கூப்பிடவில்லை என்றால் கடைசி வரை 'ங்க' போதும். தமிழில் 'ங்க' ஒன்றே வயது, ஆண், பெண் எதுவும் கேட்காமல் மரியாதையைக் கொடுத்துவிடுகிறது. சார், மேடம் எல்லாம் தேவையே இல்லை.

தங்கிலீஷ்ல போட்டாத்தான் இந்தக் காலத்துப் பசங்க படிக்கறாங்க. அப்படிப் போடலாமா?

பதிவு முழுக்கத் தமிழ் எழுத்தில்தான் என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். `ennai rate enna` என்று கேட்டு எழுதுகிறவருக்கும் தமிழ் எழுத்தில்தான் பதில் போகிறது. தமிழ் படிக்க வரவில்லை என்று அவரே சொன்னால் மட்டும் மாற்றுகிறோம். தங்கிலீஷில் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுவோம், அதற்குப் பட்டியல் போட்டு மாளாது.

ஒரு இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்து அவசியம். தேடுகிறவர்கள் `chekku`, `sekku`, `marachekku` என்று பல விதமாகத் தட்டுகிறார்கள். கூகுள் பக்கத்துக் குறிப்பிலும் இன்ஸ்டாகிராம் பயோவிலும் ஆங்கிலத்தில் ஒரு வரி வைத்திருக்கிறோம், கடையைக் கண்டுபிடிப்பதற்காக. `#marachekku` என்ற ஹேஷ்டேக்கும் `#மரச்செக்கு` என்பதும் பதிவின் கடைசியில் சேர்ந்தே வரும்.

கடன் சொற்களைத் துரத்த வேண்டாம். கூரியர், ஆர்டர், பாட்டில், ஸ்டாக் எல்லாம் வாடிக்கையாளர் வாயில் வருகிற சொற்கள்.

சொல் பட்டியல்னு ஒண்ணு வேணும்ங்கறாங்க. அதுல என்ன எழுதறது?

தொழிலின் சொந்தச் சொற்களை முதலில் எழுதுங்கள். நாங்கள் எண்ணெயைத் 'தயாரிப்பது' இல்லை, 'ஆட்டுகிறோம்'. 'வடிகட்டுவது' இல்லை, வெயிலில் வைத்துத் 'தெளிய' விடுகிறோம். அடியில் நிற்பது 'மண்டி'. 'எள் எண்ணெய்' என்று எழுத மாட்டோம், நல்லெண்ணெய்தான். இந்தச் சொற்கள் இருந்தாலே பதிவு எங்கள் கடை மாதிரி இருக்கிறது. நான் முன்பு எழுதிய 'பாரம்பரியமிக்க முறையில் தயாரிக்கப்பட்ட' என்பதை ஊறுகாய்க்கும் போடலாம், ஊதுபத்திக்கும் போடலாம்.

இரண்டாவது, அளவும் விலையும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஏறக்குறைய 920 கிராம்தான் எடை வரும். லிட்டர் ₹420 என்றால் கிலோ சுமார் ₹457 ஆகிறது. ஒருவர் லிட்டரிலும் இன்னொருவர் கிலோவிலும் விலை போட்டபோது, ஒரே வாரத்தில் விலை ஏற்றிவிட்டோம் என்று சண்டைக்கு வந்தார்கள். இப்போது எப்போதும் லிட்டர், எப்போதும் ₹ குறி, விலைக்குப் பக்கத்திலேயே அளவு. இதுவும் குரலில் சேர்த்திதான்.

மூன்றாவது, எழுதவே கூடாத சொற்கள். உணவு விற்பவர்களுக்கு இதில் நடைக்கு மேல் சட்டமும் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகளில் இயற்கை, தூய, பாரம்பரிய, அசல் என்ற பொருள்படும் சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. ஒரு நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று உணவுப் பொருளுக்குச் சொல்லவே கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஸ்டேட்டஸ்தானே என்று "சர்க்கரை குறையும், கொழுப்பு கரையும்" என்று போடுகிறவர்கள் நிறைய. வாட்ஸப்பில் வந்த படத்தை அப்படியே கடைப் பெயரில் பகிர்ந்தாலும் அது கடை சொன்னதுதான். எங்கள் தாளில் ஒரே வரி: "நோய்ப் பெயர் எதுவும் எழுதாதே. யாராவது கேட்டால், டாக்டரைக் கேளுங்கன்னு சொல்."

'தூய' என்பதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தம்பி கேட்டான். "எள்ளும் கருப்பட்டியும் போட்டு ஆட்டறோம், வேற ஒண்ணும் இல்லைங்க" என்று எழுதச் சொன்னேன். படிப்பவருக்கு 'தூய' சொல்லாத ஒன்றை இது சொல்கிறது.

விலை ஏத்தும்போதும், புகார் வரும்போதும் அதே குரல்லதான் பேசணுமா?

அப்போதுதான் கட்டாயம் அதே குரல் வேண்டும். சந்தோஷச் சேதியில் திண்ணைப் பேச்சு, கெட்ட சேதியில் "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்று மாறினால், கடை எதையோ மறைக்கிறது என்று தோன்றும்.

கடலை எண்ணெய் விலை ஏற்றியபோது நான் எழுதிய முதல் வரைவு: "மூலப்பொருட்களின் விலை உயர்வு காரணமாக எண்ணெய் விலை மாற்றியமைக்கப்பட்டுள்ளது. வாடிக்கையாளர்கள் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." இதில் எவ்வளவு ஏறியது, எப்போதிருந்து என்பதே இல்லை. மாமாவிடம் "கடையில வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றேன். அவர் சொன்னதைத்தான் போட்டோம்: "கடலை எண்ணெய் லிட்டர் ₹290 இருந்தது, திங்கக்கிழமையில இருந்து ₹310ங்க. ஒரு லிட்டருக்கு ரெண்டே கால் கிலோவுக்கு மேல பருப்பு போகும், பருப்பு விலை ஏறிருச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பழைய விலைதான்." பழைய விலை, புது விலை, காரணம், கெடு. வந்து கேட்டவர்கள் இருந்தார்கள், கோபப்பட்டவர் யாரும் இல்லை.

புகாருக்கும் தாளில் ஒரு வரிசை வைத்திருக்கிறோம்: என்ன நடந்தது, நாங்கள் என்ன செய்கிறோம், எப்போதுக்குள். ஒரு முறை கூரியரில் போன பாட்டில் மூடி கசிந்து, பெட்டியெல்லாம் எண்ணெய். வாங்கியவர் கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டார். தம்பி எழுதிய பதில்: "நாங்க நல்லாத்தான் பேக் பண்ணோம், கூரியர்காரங்க தப்பு." உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எண்ணெய் கொட்டியது அவர் வீட்டுத் தரையில். மாற்றிப் போட்டது: "பெட்டி எண்ணெயாகி வந்தது எங்களுக்கும் வருத்தம்ங்க. மூடிக்கு உள்ளே சீல் வச்சு வேற பாட்டில் இன்னைக்கே அனுப்பறோம், வியாழக்கிழமைக்குள்ள வந்திரும். பழைய பாட்டிலைத் திருப்பி அனுப்ப வேண்டாம்." கூகுளில் போடும் பதிலை அந்த ஒருவர் மட்டும் படிப்பதில்லை, அடுத்து வாங்க யோசிக்கிறவரும் படிக்கிறார். ஒரு எச்சரிக்கை: கெடுவைத் தப்பவிட்டால் இந்தக் குரல் பொய்யாகிவிடும். வியாழன் நிச்சயமில்லை என்றால் சனி என்று எழுதுங்கள்.

எமோஜி, ஆச்சரியக்குறி எல்லாம்?

ஆச்சரியக்குறி கிடையாது. எமோஜி ஒரு பதிவுக்கு ஒன்று, புகாருக்கும் விலை ஏற்றத்துக்கும் ஒன்றும் கிடையாது. மிட்டாய்க் கடைக்கு இதைவிட அதிகம் பொருந்தலாம்.

வாட்ஸப், இன்ஸ்டா, கூகுள் எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் போடணுமா?

குரல் ஒன்று, நீளம் வேறு. ஸ்டேட்டஸில் இரண்டு வரி. இன்ஸ்டாகிராமில் நீளமாக எழுத இடம் உண்டு, ஆனால் தொடக்கம் மட்டும்தான் தெரியும். மீதி தட்டினால்தான் விரியும். அதனால் பொருளும் விலையும் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். "மக்களே" வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. இன்ஸ்டாகிராம் பயோவில் 150 எழுத்து, கூகுள் பக்கத்துக் குறிப்பில் 750 எழுத்து என்று எல்லை உண்டு. 'நல்லெண்ணெய்' என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் புள்ளியும் கொம்பும் தனித்தனி, அதனால் 11. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து அளவு போட்டால் தமிழில் இடம் போதாது. பயோவின் தமிழ் வரியை நான் மூன்று முறை வெட்டினேன், கடைசியில் நின்றது: "ஈரோடு மரச்செக்கு எண்ணெய். நல்லெண்ணெய், கடலை, தேங்காய். கூரியர் உண்டு."

தாள் எவ்வளவு நீளம் இருக்கணும்? எங்க வச்சா எல்லாரும் பார்ப்பாங்க?

ஒரு ஏ4 பக்கம், ஒரே பக்கம். இரண்டாம் பக்கத்தை யாரும் திருப்ப மாட்டார்கள். எங்கள் தாளில் விதிகளைவிட ஜோடி வாக்கியங்கள்தான் அதிகம், இடப்பக்கம் எழுதக் கூடாதது, வலப்பக்கம் எழுத வேண்டியது. விதியைப் படித்தால் தம்பி தலையாட்டுவான். ஜோடியைப் பார்த்தால் அப்படியே செய்வான்.

தாளோடு நிறுத்தாமல் வாட்ஸப் பிசினஸ் செயலியின் விரைவு பதில்களிலும் போட்டு வையுங்கள். 50 பதில்கள் வரை சேமிக்கலாம், சாய்கோடு போட்டுச் சுருக்கத்தைத் தட்டினால் முழு வாக்கியம் வந்துவிடும். நாங்கள் வைத்திருப்பவற்றில் சில:

```
/vilai    நல்லெண்ணெய் லிட்டர் ₹420ங்க. கூரியர் தனி. எந்த ஊருக்கு?
/nurai    செக்கு எண்ணெய் பொங்கும்ங்க. வாணலியில பாதிக்கு மேல ஊத்த வேண்டாம்.
/mandi    அடியில நிக்கறது மண்டிங்க. ஆட்டாம மேலாக ஊத்துங்க.
```

கூட்ட நேரத்தில் யார் பதில் போட்டாலும் மாமா பேசுவது போலவே போகிறது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: விலை மாறினால் `/vilai` பதிலையும் அன்றே மாற்ற வேண்டும். ஒரு முறை மறந்துபோய்ப் பழைய விலைக்கே ஏழு பேருக்கு எண்ணெய் கொடுத்தோம்.

தாள் வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நாங்கள் செய்த சோதனை இது. எங்கள் பதிவு ஆறு, வேறு எண்ணெய்க் கடைகளின் பதிவு ஆறு எடுத்து, கடைப் பெயரும் படமும் இல்லாமல் வெறும் எழுத்தை மட்டும் தாளில் அச்சடித்து, வாடிக்கையாக வரும் நாலு பேரிடம் கொடுத்தோம். எது எங்களுடையது என்று பிரிக்கச் சொன்னோம். எங்கள் ஆறில் நாலைத்தான் சரியாகப் பிடித்தார்கள். தப்பிய இரண்டும் பொங்கல் வாழ்த்தும் ஆடி வாழ்த்தும். வாழ்த்தில் எல்லாக் கடையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறது, நாங்களும் அப்படித்தான் எழுதியிருந்தோம். இப்போது பண்டிகைக்குப் பண்டிகையோடு எண்ணெய்க்கு இருக்கும் தொடர்பை மட்டும் எழுதுகிறோம். தீபாவளிக்கு "விடியக்காலை எண்ணெய்க் குளியலுக்கு 100 மில்லி பாட்டிலும் இருக்குங்க" என்று.

புதிதாக வேலைக்கு வருகிறவரிடம் தாளைப் படி என்று சொல்லி விட்டுவிடாமல் ஐந்து சூழ்நிலை கொடுங்கள்: விலை கேட்கிறார், பார்சல் வரவில்லை என்கிறார், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது என்கிறார், சர்க்கரைக்கு நல்லதா என்கிறார், தள்ளுபடி கேட்கிறார். எழுதிக் காட்டச் சொன்னால் எந்த வரி தாளில் தெளிவாக இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு தடவை எழுதிட்டா போதுமா, மாத்திக்கிட்டே இருக்கணுமா?

அடிக்கடி மாற்றினால் மனதில் நிற்காது. ஒரே விஷயத்துக்கு இரண்டாம் முறை எங்களுக்குள் பேச்சு வந்தால் மட்டும் ஒரு வரி சேர்ப்போம், சேர்க்கும்போது பழைய வரி ஒன்றை எடுப்போம், பக்கம் ஒன்றைத் தாண்டாமல் இருக்க.

கடைசியாகச் சேர்த்தது மார்கழியில். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். காலையில் பாட்டிலைப் பார்க்கிறவர்கள் பயந்து போட்டோ அனுப்புவார்கள். நான் "கெட்டுப்போகலைங்க" என்று பதில் போட்டுக்கொண்டிருந்தேன், தம்பி "கலப்படம் எல்லாம் இல்லை அக்கா" என்று போட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் கேட்காத சொல்லை நாங்களே எடுத்துக் கொடுத்துவிட்டோம். மாமா போட்ட பதிலைத் தாளில் சேர்த்து, `/kulir` என்று விரைவு பதிலிலும் வைத்தோம்: "குளிருக்கு உறைஞ்சிருக்குங்க. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் வைங்க, இளகிரும்."